நெட்வொர்க் கேபிளில் முறுக்கு எதற்கு, பிரித்தால் என்ன ஆகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஆபீஸ்களிலும் பனியன் கம்பெனிகளிலும் கேபிள் வேலை செய்பவர்களும், செய்யச் சொல்லிக் காசு கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட் 5இ, கேட் 6 என்ற இரண்டு கேபிள் தரங்களையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். எண்கள் வரும் இடத்தில் எது என்று சொல்லிவிடுகிறேன்.

ஏனுங்க, எட்டு ஒயரையும் நேரா விட்டா ஆகாதா? எதுக்கு ரெண்டு ரெண்டா முறுக்கி வெச்சிருக்காங்க?

எட்டு ஒயர் என்று பார்ப்பதைவிட நாலு ஜோடி என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு ஜோடியில் ஒரு ஒயர் மேலே போகும்போது மற்றது அதே அளவு கீழே போகும். ஒன்றில் அரை வோல்ட் ஏறினால் அடுத்ததில் அரை வோல்ட் இறங்கும். அந்தப் பக்கம் இருக்கும் ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் படிக்கிறது. வெளியிலிருந்து ஏதாவது இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு ஏறினால், வித்தியாசம் மாறாது. ரிசீவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் "ஒரே அளவு" என்பதுதான் சிக்கல். இரண்டு ஒயர் பக்கம் பக்கமாக நேராக ஓடினால், இரைச்சல் வரும் இடத்துக்கு ஒன்று கொஞ்சம் கிட்டே இருக்கும், மற்றது கொஞ்சம் தள்ளி இருக்கும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனாலும் கேபிள் போகும் தூரம் முழுக்க அதே ஒயர்தான் கிட்டே இருக்கும் என்றால், அந்தச் சின்ன வித்தியாசம் மீட்டருக்கு மீட்டர் கூடிக்கொண்டே போகும். முறுக்கினால் அரை முறுக்குக்கு ஒருமுறை இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. இது புதுச் சங்கதி இல்லை. டெலிபோன் லைனுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இடம் மாறுனா சத்தம் எப்படிங்க கொறையும்? கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

ஆரஞ்சு ஜோடியில் சிக்னல் போகிறது, பக்கத்தில் பச்சை ஜோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சில் மின்னோட்டம் மாற மாற அதைச் சுற்றிக் காந்தப்புலமும் மாறுகிறது. பச்சையின் இரண்டு ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது அல்லவா, அந்த இடைவெளி வழியாக அந்தக் காந்தப்புலம் புகுந்தால் பச்சையில் ஒரு வோல்டேஜ் தூண்டப்படும். இதுதான் கிராஸ்டாக்.

ஒரு அரை முறுக்கில் உள்ள இடைவெளியில் இந்த வோல்டேஜ் பிளஸ்ஸாக வந்தால், அடுத்த அரை முறுக்கில் ஒயர்கள் இடம் மாறிவிட்டதால் அதே வோல்டேஜ் மைனஸாக வரும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய பூஜ்யம். அடுத்த இரண்டிலும் அப்படியே. காந்தப்புலம் மட்டுமில்லை, மின்புலம் வழியாக ஏறுவதும் இதேபோல் சரியாகிவிடுகிறது: இரண்டு ஒயரும் மாறி மாறிக் கிட்டே வருவதால் இரண்டிலும் சராசரியாக ஒரே அளவு ஏறி, வித்தியாசத்தில் அடிபட்டுப்போகிறது.

சத்தம் போடுகிற ஆரஞ்சு ஜோடிக்கும் இது உதவுகிறது. அதன் இரண்டு ஒயரிலும் எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் போவதால், நெருக்கமாக முறுக்கியிருந்தால் அதன் புலமே வெளியே அதிகம் பரவாது.

நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நூலில் அங்குலத்துக்கு இத்தனை முறுக்கு என்று எண்ணிப் பார்ப்பது பலத்துக்காக. இங்கே எண்ணுவது பலத்துக்காக இல்லை. ஒவ்வொரு முறுக்கும் முந்தைய முறுக்கின் கணக்கைத் தீர்த்துவைக்க வேண்டும், அதற்காக. ஆனால் ஓர் இடத்தில் முறுக்கு விட்டுப்போனால் அந்த இடத்தில் கோளாறு என்பது இரண்டுக்கும் பொது.

ஒவ்வொரு கலர்லயும் முறுக்கு வேற வேறயா இருக்குதே, அது மெஷின் கோளாறா?

இல்லை, வேண்டுமென்றே செய்தது. ஒரு முப்பது சென்டிமீட்டர் துண்டு கேபிளை உரித்து, நாலு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். கேட் 5இ-யில் ஒரு முழு முறுக்கு சுமாராக ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டரில் வரும். நாலும் ஒன்றுபோல் இருக்காது. கேட் 6-ல் இன்னும் நெருக்கமாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நாலும் ஒரே அளவு முறுக்கியிருந்தால், இரண்டு ஜோடியும் ஒன்றாகவே திரும்பும். ஆரஞ்சின் வெள்ளை ஒயர் மேலே வரும்போதெல்லாம் பச்சையின் வெள்ளை ஒயரும் மேலே வரும். அப்படியென்றால் ஒன்றைப் பொறுத்து மற்றது இடமே மாறவில்லை என்றுதான் அர்த்தம், முறுக்கியும் புண்ணியமில்லை. அளவு வேறாக இருந்தால்தான் இந்த ஒற்றுமை கலைகிறது.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. நெருக்கமாக முறுக்கிய ஜோடியில் செம்பு கொஞ்சம் அதிக நீளம். அதனால்தான் நல்ல டெஸ்டரில் பார்த்தால் ஒரே கேபிளின் நாலு ஜோடிக்கும் நாலு நீளம் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

கொஞ்சூண்டு சத்தம் ஏறுனா என்னங்க கெட்டுப்போகுது? நம்ம சிக்னல் பெருசுதானே?

அனுப்பும் இடத்தில் பெரிசு. வந்து சேரும் இடத்தில் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

கேட் 5இ தரத்தில் 100 மீட்டர் சேனல் ஒன்றில், 100 மெகாஹெர்ட்ஸில், சிக்னல் 24 டெசிபல் வரை தேயலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு வோல்ட் அனுப்பினால் அந்தக் கோடியில் சுமார் 63 மில்லிவோல்ட்தான் வந்து சேரும். அதே சேனலில் கிட்டமுனை கிராஸ்டாக், அதாவது நெக்ஸ்ட் என்று ரிப்போர்ட்டில் வருவது, குறைந்தது 30.1 டெசிபல் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் அனுப்பும் ஜோடியிலிருந்து பக்கத்து ஜோடிக்கு சுமார் 31 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று பொருள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். தூரத்திலிருந்து களைத்து வந்த சிக்னல் 63. காதுக்குப் பக்கத்திலேயே அனுப்பிக்கொண்டிருக்கும் நம்ம சுவிட்சின் சத்தம் 31. தரத்துக்குள் இருக்கும் கேபிளிலேயே, கடைசி எல்லையில், இரண்டு மடங்குதான் வித்தியாசம். 100 மெகாஹெர்ட்ஸ் என்பது மோசமான முனை. சிக்னலின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது, அதனால் நிஜத்தில் இவ்வளவு இறுக்கம் இல்லை. இருந்தாலும் கையில் இருக்கும் இடம் எவ்வளவு குறைவு என்று இதிலிருந்து தெரியும்.

இன்னொன்றும் தெரியும்: முறுக்கு பிரிவதால் வரும் கேடு பெரும்பாலும் கேபிளின் இரண்டு கோடியிலும்தான். நாம் கை வைப்பதும் அங்கேதான்.

எவ்வளவுதானுங்க பிரிக்கலாம்?

கேட் 5இ, கேட் 6 இரண்டுக்கும் 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். பழைய கேட் 3-க்கு 75 மில்லிமீட்டர் வரை விட்டிருந்தார்கள். அந்தக் காலத்து வேலைப் பழக்கம் சில பேரிடம் அப்படியே தங்கிவிட்டது என்பது என் சந்தேகம்.

13 என்பது வசதிக்கு வைத்த எண் இல்லை. ஆர்ஜே45 பிளக்குக்குள் ஒயர்கள் நேராகப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்குத் தேவையான அளவை ஒட்டித்தான் இது இருக்கிறது. பிளக்குக்குள்ளேயே ஒரு மோசமான இடமும் உண்டு: 4, 5 ஆம் பின்களில் நீல ஜோடி நடுவில் இருக்க, பச்சை ஜோடி பிரிந்து 3-லும் 6-லும் அதற்கு இருபுறமும் நிற்கிறது. தரமான ஜாக்குக்குள் அந்த ஏற்றத்தைக் கழிக்க, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கிராஸ்டாக் வேண்டுமென்றே கட்டியிருப்பார்கள். அந்தக் கழித்தல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குத்தான் பொருந்தும். நீங்கள் மேலே இன்னும் நாலு சென்டிமீட்டர் பிரித்துவிட்டால் ஜாக் அதற்குப் பொறுப்பேற்காது.

அஞ்சு சென்டிமீட்டர் பிரிச்சுட்டேன். அப்படி என்ன ஆயிருச்சு?

இவ்வளவு சின்ன நீளத்தில் ஏறும் கிராஸ்டாக் ஏறக்குறைய நீளத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். 100 மெகாஹெர்ட்ஸ் அலை இந்தக் கேபிளில் சுமார் இரண்டு மீட்டர் நீளம். அதற்கு முன்னால் ஐந்து சென்டிமீட்டர் சின்னத் துண்டுதான், அதனால் இந்தக் கணக்கு நிற்கும். 13-க்கு பதில் 52 மில்லிமீட்டர் என்றால் நாலு மடங்கு, டெசிபலில் 12 மோசம்.

கேட் 5இ ஜாக் ஒன்றுக்கு 100 மெகாஹெர்ட்ஸில் அனுமதித்தது 43 டெசிபல்; ஒரு வோல்ட்டுக்கு சுமார் 7 மில்லிவோல்ட். அந்த 7-ம் பிரித்த இடத்தால்தான் வருகிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டால், நாலு மடங்கில் 28 ஆகிவிடும். முழு சேனலுக்கும் சேர்த்து விட்டிருந்ததே 31தான். சுவரில் ஜாக் பொருத்தும் ஒரே ஒரு ஐ.ஓ. பாக்ஸில், ஒரே ஒரு கோடியில், கிட்டத்தட்ட மொத்தத்தையும் தின்று தீர்த்தாகிவிட்டது.

கிராஸ்டாக்கோடு நிற்பதில்லை. முறுக்கிய ஜோடியில் ஓடும் சிக்னல் உணரும் தடை, அதாவது குணமின்தடை, 100 ஓம். பிரித்து ஒயர்கள் விலகினால் அந்த இடத்தில் அது கூடிவிடும். கூடும் இடத்தில் சிக்னலில் ஒரு பங்கு திரும்பி அனுப்பியவனிடமே வரும். ஜிகாபிட்டில் ஒரே ஜோடியில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் இந்த எதிரொலியும் இரைச்சல்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜிகாபிட் சிப்புகளுக்குள் எதிரொலியையும் கிட்டமுனை கிராஸ்டாக்கையும் கணக்குப் போட்டுக் கழிக்கும் வேலை நடக்கிறது. பதினைந்து மீட்டர் கேபிளில் சிக்னல் அதிகம் தேய்ந்திருக்கவும் இருக்காது. அதனால் ஐந்து சென்டிமீட்டர் பிரித்த கேபிள் சின்ன ஆபீஸில் வருஷக்கணக்கில் ஓடுவதைப் பார்க்கலாம். "நான் எப்பவும் இப்படித்தான் அடிப்பேன், ஒண்ணும் ஆனதில்ல" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கேபிள்கள் நீளம் குறைவு, அவ்வளவுதான்.

டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது. அப்புறமும் நெட்டு திக்குது, ஏனுங்க?

இதற்குக் கொஞ்சம் நீளமான பதில். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பார்த்ததையே சொல்கிறேன். கட்டிங் ஹாலிலிருந்து ஆபீஸ் ரேக்குக்கு அறுபது மீட்டர் சொச்சம் கேபிள். சுவிட்சில் 100 என்று லிங்க் வரும். பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கும், பேட்டர்ன் ஃபைல் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். கேபிளை அடித்தவர் டெஸ்டரை மாட்டி, ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக ஓடுவதைக் காட்டி, சுவிட்சை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவிட்ச் மாற்றியும் அதே கதை.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணம் அதில் இருந்தது. ஒயர்கள் இந்த வரிசையில் இருந்தன: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். பார்க்க அழகாக, ஜோடி ஜோடியாக இருக்கிறது. இரண்டு கோடியிலும் அதே வரிசை. ஒன்று ஒன்றுக்குப் போகிறது, எட்டு எட்டுக்குப் போகிறது. டெஸ்டர் பார்ப்பது அவ்வளவுதான்: பேட்டரி கரண்ட் இந்தக் கோடியில் விட்டால் அந்தக் கோடியில் அதே பின்னில் வருகிறதா என்று.

ஆனால் கருவிகள் ஜோடியாக நினைப்பது 1-2, 3-6, 4-5, 7-8. மேலே சொன்ன வரிசையில் 3-ல் இருப்பது வெள்ளை-பச்சை, 6-ல் இருப்பது நீலம். 100 மெகாபிட்டில் ஒரு திசை 1-2, மறுதிசை 3-6. அப்படியென்றால் ஒரு திசைக்கு மட்டும் சிக்னலின் ஒரு கால் பச்சை ஜோடியிலும், இன்னொரு கால் நீல ஜோடியிலும் ஓடுகிறது. அவை இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படவே இல்லை. முறுக்கு ஐந்து சென்டிமீட்டரில் பிரிந்தால் எவ்வளவு கேடு என்று மேலே பார்த்தோம். இங்கே அறுபது மீட்டரும் பிரிந்ததுபோல்தான். இதை ஸ்ப்ளிட் பேர் என்பார்கள்.

சரியான வரிசை, டி568பி முறையில்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். 3-க்கும் 6-க்கும் பச்சை ஜோடி, நடுவில் நீல ஜோடி. இரண்டு கோடியும் வெட்டி, இந்த வரிசையில் அடித்ததும் ஜிகாபிட் வந்தது. சுவிட்ச் பழையதையே திருப்பிப் போட்டார்கள்.

முன்பு ஏன் 100-லாவது நின்றது என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் எந்த வேகம் என்று பேசிக்கொள்வது மிக மெதுவான துடிப்புகளில். அதற்குக் கிராஸ்டாக் ஒரு பொருட்டே இல்லை. ஜிகாபிட் என்று ஒப்புக்கொண்டு, நிஜ வேகத்தில் இறங்கும்போதுதான் முடியாமல் போகிறது. சில சிப்புகள் அப்போது 100-க்கு இறங்கி வந்துவிடும். சிலது லிங்க் விளக்கு வருவதும் போவதுமாகவே இருக்கும். அப்படி விளக்கு ஆடினால் முதலில் இரண்டு கோடியின் கலர் வரிசையைப் பாருங்கள்.

பிங் போட்டா சூப்பரா வருது, ஃபைல் காப்பி மட்டும் ஆமை வேகம். கேபிள் நல்லாத்தானே இருக்கணும்?

பிங் போடும் பாக்கெட் எவ்வளவு சின்னது என்று பார்த்தால் இது புரியும். விண்டோஸில் சும்மா பிங் போட்டால் தரவு 32 பைட். தலைப்புகள் எல்லாம் சேர்த்து கேபிளில் போவது 78 பைட், அதாவது 624 பிட். ஃபைல் காப்பியில் போவது பெரும்பாலும் முழு நீள ஃப்ரேம், 1518 பைட், 12,144 பிட்.

இரைச்சலால் பத்து லட்சம் பிட்டில் ஒன்று கெடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சின்ன ஃப்ரேம் சுமார் 1,600-ல் ஒன்று கெடும். நாலு பிங் போட்டுப் பார்ப்பவர் அதைக் காணப்போவதே இல்லை. பெரிய ஃப்ரேம் சுமார் 82-ல் ஒன்று கெடும். ஒரு பிட் கெட்டாலும் ஃப்ரேம் முழுவதும் குப்பைக்குப் போகிறது. ஃபைல் அனுப்பும் டிசிபி, ஃப்ரேம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று நினைத்துத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நூற்றுக்கு ஒன்று தொலைந்தாலே பயன்படுத்துபவருக்கு ஆமை வேகமாகத்தான் தெரியும்.

அதனால் பிங் போடுவதென்றால் பெரிசாகப் போடுங்கள். விண்டோஸில்:

```
ping -n 1000 -l 1472 192.168.1.1
```

முகவரிக்குப் பதில் அந்தக் கேபிளின் மறுகோடியில் இருக்கும் கருவியின் முகவரியைப் போடவும். வயர் வழியாக உள்ளூரில் ஒன்றுகூடத் தொலையக்கூடாது.

கேபிளைத் தரத்தோட ஒப்பிட்டு அளக்குற சர்டிஃபையர் மெஷின் நம்மகிட்ட இல்லீங்க. வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணும் கம்ப்யூட்டரும் போதும், பெரும்பாலும். முதலில் லிங்க் வேகம்: இரண்டு பக்கமும் ஜிகாபிட் கருவி இருந்தும் 100 என்று வந்தால் கேபிள்மேல்தான் சந்தேகம். அடுத்து, கெட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கை. லினக்ஸ் என்றால்:

```
ethtool eth0 | grep Speed
ethtool -S eth0 | grep -i crc
```

விண்டோஸில் `netstat -e` போட்டால் Errors என்ற வரி வரும். இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டு, பெரிய ஃபைல் ஒன்றை இரண்டு திசையிலும் காப்பி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பழைய எண் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, யாராவது கேபிளைப் பிடுங்கிச் செருகியபோது ஏறியிருக்கலாம். காப்பி நடக்கும்போது கூடிக்கொண்டே போனால்தான் விஷயம். எண்ணிக்கை கெட்டதை வாங்கும் பக்கத்தில்தான் ஏறும். அதனால் இரண்டு கோடியிலும் பார்க்க வேண்டும். எந்தக் கோடியில் ஏறுகிறதோ, அந்தக் கோடியின் பிளக்கையும் ஜாக்கையும் முதலில் திறங்கள். கிட்டமுனை கிராஸ்டாக் தன் கோடியில் வாங்குபவனைத்தான் அடிக்கும்.

ஐம்பது, நூறு பாயிண்ட் உள்ள வேலை என்றால் சர்டிஃபையர் வாடகைக்காவது எடுத்துத்தான் தீர வேண்டும். கிராஸ்டாக் எந்த மீட்டரில் ஏறுகிறது என்றே காட்டும் மெஷின்கள் இருக்கின்றன. இரண்டு கோடியிலும் கூர்முனையாக எழும்பி நடுவில் அமைதியாக இருந்தால், கேபிள் நல்லது, கை வேலைதான் மோசம்.

அப்ப ஐ.ஓ. பாக்ஸ்ல எப்படித்தானுங்க அடிக்கணும்?

பழக்கத்தில் ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும்: நாலு ஜோடியையும் முதலிலேயே பிரித்து, எட்டு ஒயரையும் சீவி நேராக்கிக்கொண்டு அப்புறம் பஞ்ச் செய்யும் பழக்கம். பிளக் அடிக்கும்போது செய்வதை ஜாக்கிலும் செய்வதால் வரும் வினை இது. ஜாக்குக்கு எட்டையும் ஒன்றாக நேராக்கத் தேவையே இல்லை.

மேலுறையைத் தேவையான அளவு மட்டும் உரியுங்கள். மேலுறையின் விளிம்பு ஜாக்கின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். ஒரு ஜோடியை எடுத்து, முறுக்கோடேயே அதன் இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் கூரான முனையில் ஜோடியை வைத்து அழுத்தினால் அதுவே கடைசி அரை முறுக்கைப் பிரித்துவிடும். ஒரு ஒயர் இந்தப் பள்ளம், மற்றது அந்தப் பள்ளம், பஞ்ச் டூலால் ஒரு அடி. அப்புறம் அடுத்த ஜோடி. இப்படிச் செய்தால் பிரிந்தது ஆறேழு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

பிளக்கில் வேறு வழியில்லை, நேராக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நேராக்கி வரிசைப்படுத்திய பிறகு 13 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள். கடைசியில் மேலுறை பிளக்கின் உள்ளே, கிளிப் கடிக்கும் இடத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். பிளக்குக்கு வெளியே கலர் ஒயர் தெரிந்தால் அது தப்பான பிளக், வெட்டிப் போடுங்கள். வீட்டுக் கூரைக்குள்ளும் கேசிங்குக்குள்ளும் மறைந்து போகும் வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை, அதுதான் வம்பு.

மேலுறையை நெறைய உரிச்சுட்டேன், ஆனா முறுக்கைப் பிரிக்கல. பரவால்லையா?

முறுக்கு பிரிவதைவிட எவ்வளவோ தேவலை. அழகாக இல்லை, ஒயர் மடங்கிக் காயம்பட வாய்ப்பு உண்டு, கேட் 6-ல் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் சிலுவை இல்லாத இடத்தில் ஜோடிகள் ஒன்றோடொன்று நெருங்கும். அவ்வளவுதான். வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் இதற்காக மறுபடி வெட்ட மாட்டேன்.

பிரிச்சதைக் கையில மறுபடி முறுக்கிவிட்டா சரியாப் போயிருமா?

கேபிள் கட்டையாகிவிட்டது, வெட்ட நீளம் இல்லை என்றால் செய்யுங்கள். நேராக விடுவதற்கு அது மேல். பழைய முறுக்கு எந்தத் திசையோ அதே திசையில், ஏறக்குறைய அதே நெருக்கத்தில் முறுக்குங்கள். அதிகமாக முறுக்கினால் அதிக நல்லது என்று கயிறு திரிப்பதுபோல் இறுக்க வேண்டாம், குணமின்தடை அந்தப் பக்கமும் மாறும். நீளம் இருந்தால் யோசிக்காமல் வெட்டி, புதிதாக அடிப்பதுதான் சுலபம். இதற்காகத்தான் ஒவ்வொரு கோடியிலும் ஒரு முழம் கேபிள் சுருட்டி உள்ளே விட வேண்டும் என்பது.

தறி ஷெட்டு, மோட்டார் எல்லாம் ஓடுற எடம். ஷீல்டு கேபிள் போட்டுட்டா முறுக்கைப் பத்திக் கவலையில்லதானே?

வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு மேலே சுற்றிய ஃபாயில் உதவும், எர்த் சரியாகக் கொடுத்திருந்தால். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடங்களில் மோட்டார், டிரைவ் எல்லாம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் போடுவது நியாயம்தான். ஆனால் நாலு ஜோடிக்கும் சேர்த்து ஒரே ஃபாயில் சுற்றிய கேபிளில், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் எதுவும் இல்லை. உள்ளே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் தடுப்பது அப்போதும் முறுக்குதான். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஃபாயில் உள்ள கேபிளும் உண்டு. அதிலும் ஜாக் பக்கத்தில் ஃபாயிலை உரித்த பிறகு மிஞ்சுவது முறுக்கு மட்டும்.

கேமராவுக்கு 100 மெகாபிட் போதும். அதுக்கும் இவ்வளவு பார்க்கணுமா?

ஸ்ப்ளிட் பேர் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி முப்பது மீட்டருக்குள் என்றால் ஓரிரு சென்டிமீட்டர் கூடப் பிரிந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எண்பது, தொண்ணூறு மீட்டர் தாண்டி காம்பவுண்டு மூலையில் நிற்கும் கேமராவுக்கு மட்டும் கோடிகளைக் கவனமாக அடியுங்கள். அங்கே வந்து சேரும் சிக்னலில் விட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

எலி கடிச்சுருச்சுங்க. கலருக்குக் கலர் முறுக்கி டேப் ஒட்டிட்டேன், ஓடுது. விட்டுரலாமா?

ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து. கேபிளின் நடுவில், இரண்டு கோடியிலிருந்தும் தள்ளி இருந்தால், சிக்னல் ஜாயிண்ட் வரை போய், அங்கே ஏறும் கிராஸ்டாக் திரும்பி வருவதற்குள் தேய்ந்துவிடும், அதனால்தான் ஓடுகிறது. அதே ஜாயிண்ட் சுவிட்சிலிருந்து இரண்டு மீட்டரில் இருந்தால் தேய்மானம் எதுவுமில்லாமல் முழுசாக வந்து அடிக்கும். எட்டு ஒயரையும் நீளமாகப் பிரித்துத் தனித்தனியே டேப் சுற்றியிருப்பீர்கள், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டராவது முறுக்கு போயிருக்கும்.

கிட்டே இருக்கும் ஜாயிண்ட்டை எடுத்துவிட்டு அந்த இரண்டு மீட்டரைப் புதிதாக இழுங்கள். நடுவில் இருப்பதை, பஞ்ச் செய்யும் ஜாயிண்ட் பாக்ஸ் ஒன்று வாங்கி, ஜாக்குக்குச் சொன்ன அதே முறையில் முறுக்கோடு உள்ளே கொண்டுபோய் அடித்துவிடலாம். அதுவரை பெரிய பிங் ஆயிரம் போட்டு, ஒன்றும் தொலையவில்லை என்றால் ஓடட்டும். ஈரம் படும் இடம் என்றால் மழைக்கு முன்னாடியே மாற்றிவிடுங்கள், டேப்புக்குள் செம்பு பச்சை பூத்துவிடும்.